பத்திரச் செலவை உண்மையில் யார் தாங்குகிறார்கள்?

கேள்வி: புறநகரில் ஒரு மனை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9% முழுவதையும் நான்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். பொருளாதாரம் படித்த நண்பரோ, அதில் பெரும்பகுதியைத் தாங்குவது விற்பவர்தான், எல்லாம் நெகிழ்ச்சியைப் பொறுத்தது என்கிறார். பணம் கட்டுவது நானாக இருக்கும்போது சுமை எப்படி அவருக்குப் போகும்?

பதில்:

மனை என்றால் உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. நீங்கள் கேட்டது புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீட்டைப் பற்றியாக இருந்திருந்தால், அதே வரி, அதே விகிதம், அதே சட்டம் இருந்தும் விடை ஏறக்குறைய தலைகீழாகியிருக்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்த்துவிடலாம். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, கிரையப் பத்திரத்துக்கான தீர்வையை வாங்குபவர் செலுத்த வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு தொடங்குவதே 'வேறு உடன்பாடு இல்லாதபோது' என்ற பொருளில்தான். ஆக, இரு தரப்பும் விரும்பினால் விற்பவரே கட்டலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அரசுக் கணக்கில் யார் பெயரால் பணம் சேருகிறது என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. அந்தப் பணம் கடைசியில் யாருடைய பையிலிருந்து குறைந்தது என்பது, பத்திரம் எழுதுவதற்கு முன்பே, விலை பேசும் இடத்தில் முடிவாகிவிடுகிறது.

அந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பா ஒரு மனையை விற்றபோது, வாங்க வந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையிலிருந்த கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். மேலே தன்னிடம் இருக்கும் மொத்தத் தொகையை எழுதி, அதற்குக் கீழே பத்திரச் செலவு, தரகு, வேலி போடும் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சியதைக் கோடிட்டுக் காட்டி, "இவ்வளவுதான் சார் எனக்குத் தாங்கும்" என்றார். அவர் பார்வையில் முத்திரைத் தீர்வை, விலைக்கு மேல் வந்து ஏறிய செலவன்று. மொத்தத்திலிருந்து கழிந்து விலையைக் குறைத்த செலவு. அப்பா சிறிது யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். தீர்வையைக் கட்டியவர் மனையை வாங்கியவர்தான். ரசீதும் அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் அதில் கணிசமான பங்கை அன்று திண்ணையிலேயே அப்பா கொடுத்துவிட்டிருந்தார்.

அப்பா ஏன் ஒப்புக்கொண்டார் என்பதில்தான் நெகிழ்ச்சி வருகிறது. விலை 1% மாறினால் வாங்கப்படும் அளவு எத்தனை விழுக்காடு மாறுகிறது என்பது தேவை நெகிழ்ச்சி. விற்க வரும் அளவு எத்தனை விழுக்காடு மாறுகிறது என்பது அளிப்பு நெகிழ்ச்சி. மனைக்காரர் விலை இறங்கிவிட்டது என்பதற்காக மனையைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது; அதை வேறு பொருளாக மாற்றவும் முடியாது. விற்காமல் காத்திருக்கலாம், அவ்வளவுதான். வாங்குபவருக்கு அப்படியில்லை. பக்கத்து நகரில் வாங்கலாம், பழைய வீடு பார்க்கலாம், இரண்டு வருடம் வாடகையில் இருக்கலாம், நகையிலோ வைப்பு நிதியிலோ பணத்தைப் போடலாம். வரி என்பது வாங்குபவர் தருவதற்கும் விற்பவர் பெறுவதற்கும் நடுவே அரசு விரிக்கும் இடைவெளி. அந்த இடைவெளியிலிருந்து விலகிப் போக யாருக்கு வழி குறைவோ அவர் மீதுதான் அதன் பெரும்பகுதி விழும்.

இதை எண்களில் பார்க்கலாம். கீழே வருபவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த ஊரின் உண்மை நிலவரமும் அன்று. வரியே இல்லாதபோது ஒரு பகுதியில் மனை 50 லட்சம் ரூபாய்க்குப் போகிறது, ஆண்டுக்கு 100 மனைகள் கைமாறுகின்றன என்று வையுங்கள். தேவை நெகிழ்ச்சி 1, அளிப்பு நெகிழ்ச்சி 0.5. இப்போது விலையின் மீது 9% வரி வருகிறது. விற்பவர் 50 லட்சத்திலேயே நின்றால் வாங்குபவருக்கு அடக்கம் 54.50 லட்சமாகும். அது 9% ஏற்றம். ஆகவே வாங்க வருபவர்கள் 91 பேராகக் குறைவார்கள், விற்க வந்த மனைகளோ அதே 100. ஒன்பது மனைக்காரர்கள் ஆள் கிடைக்காமல் நிற்பார்கள், அவர்களில் யாராவது முதலில் விலையை இறக்குவார். விலை இறங்க இறங்க வாங்க வருபவர்கள் கூடுவார்கள், விற்க விருப்பமில்லாமல் சிலர் விலகுவார்கள். 47.17 லட்சத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

அந்த விலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 47.17 லட்சத்துக்கு 9% வரி 4.245 லட்சம். வாங்குபவருக்கு மொத்த அடக்கம் 51.415 லட்சம், அதாவது 2.83% ஏற்றம், ஆகவே தேவையும் 2.83% குறைகிறது. விற்பவர் கைக்கு வருவது 5.66% குறைந்துவிட்டது, அதில் பாதி, அதே 2.83%, அளிப்பு குறைகிறது. இரு பக்கமும் சுமார் 97 மனைகளில் நிற்கின்றன. வரி 4.245 லட்சத்தில் விற்பவர் இழந்தது 2.83 லட்சம், வாங்குபவர் கூடுதலாகத் தந்தது 1.415 லட்சம். சரியாக இரண்டுக்கு ஒன்று. முழு வரியையும் கட்டியவர் வாங்குபவர். மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர் விற்பவர்.

இதே கணக்கை ஒரு கட்டுமான நிறுவனம் விற்கும் புதிய வீடுகளுக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே விலை இறங்கினால் அடுத்த திட்டத்தையே தொடங்காமல் விடலாம். சிமெண்டும் கம்பியும் கொத்தனாரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அளிப்பு நெகிழ்ச்சியை 3 என்று வைத்து, தேவை நெகிழ்ச்சியை அதே 1 என்று விட்டால், விலை 48.90 லட்சத்தில் நிற்கும். வரி 4.40 லட்சம். அதில் நிறுவனத்தின் பங்கு 1.10 லட்சம், வாங்குபவரின் பங்கு 3.30 லட்சம். வாங்குபவர்கள் முன்பு இருந்த அதே மனிதர்கள்தான், அவர்களுடைய நெகிழ்ச்சியும் மாறவில்லை. எதிரில் இருப்பவர் எழுந்து போகக்கூடியவர் என்பதால் மட்டுமே அவர்களுடைய பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் மூன்றாக ஏறிவிட்டது. 'ஒப்பு' நெகிழ்ச்சி என்று சொல்வது இதனால்தான். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. சிறிய வரிகளுக்கு இதைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்:

வாங்குபவர் பங்கு = அளிப்பு நெகிழ்ச்சி ÷ (அளிப்பு நெகிழ்ச்சி + தேவை நெகிழ்ச்சி)

ஒருவருடைய பங்கைக் கூட்டுவது எதிரில் இருப்பவரின் நெகிழ்ச்சி என்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். வாங்குபவர் பங்கைக் கேட்டால் தேவை நெகிழ்ச்சியை மேலே போட்டுவிடுவார்கள். இன்னொன்றும் கணக்கில் தெரிகிறது. மனையில் மூன்று பரிவர்த்தனைகள்தான் நின்றுபோயின. புதிய வீடுகளில் ஏறத்தாழ ஏழு. நடக்காமல் போன அந்தக் கிரயங்களிலிருந்து அரசுக்கு ஒரு பைசாவும் வரவில்லை, ஆனால் வாங்க நினைத்தவரும் விற்க நினைத்தவரும் இழந்தார்கள். வரியைப் பங்கு பிரிக்கும்போது இந்த இழப்பு எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை.

இனி, தீர்வையை விற்பவரே கட்டுவது என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? அவர் 47.17 லட்சம் கேட்கமாட்டார். வரியைச் சேர்த்து 51.4 லட்சத்தை ஒட்டிக் கேட்பார். நீங்களும் அதைத் தருவீர்கள், ஏனென்றால் முன்பும் உங்களுக்கு அடக்கம் அதுதான். 'பதிவுச் செலவு இலவசம்' என்று விளம்பரம் செய்யும் மனைப்பிரிவுகளில் நடப்பது இதுவே. ஒரு சிறு வேறுபாடு உண்டு: பத்திரத்தில் எழுதும் விலையே பெரிதாகிவிடுவதால், அந்தப் பெரிய தொகைக்கு 9% போட வேண்டியிருக்கும், வரி முப்பதாயிரம் சொச்சம் கூடும். பங்கு பிரியும் முறையில் அது எதையும் மாற்றாது.

தமிழ்நாட்டில் இந்த வரிக்கு ஒரு முடிச்சு உண்டு, அதை அவிழ்க்காமல் மேலே போக முடியாது. வரி, பத்திரத்தில் எழுதிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன் மீது கணக்கிடப்படுகிறது. நடைமுறையில் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்படும் பத்திரங்கள் ஏராளம் என்பது எல்லோரும் அறிந்தது. அதனால் விகிதத்தை மட்டும் பார்த்தால் வரி ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது. 2017 ஜூன் மாதம் வழிகாட்டி மதிப்பு 33% குறைக்கப்பட்டது. கூடவே பதிவுக் கட்டணம் 1%இலிருந்து 4%ஆக உயர்ந்தது. மொத்த விகிதம் 8%இலிருந்து 11% ஆனது. வழிகாட்டி மதிப்பு 30 லட்சமாக இருந்த ஒரு மனைக்கு அந்த மதிப்பிலேயே பத்திரம் எழுதினால், முன்பு வரி 2.40 லட்சம்; அதன் பிறகு மதிப்பு 20.10 லட்சமாகி, 11% போட்டால் 2.21 லட்சம். விகிதம் ஏறியது, வரி இறங்கியது. 2023 ஏப்ரலில் பழைய வழிகாட்டி மதிப்பு திரும்பி வந்தது, பதிவுக் கட்டணம் 2%ஆகக் குறைந்தது. அதன்படி அதே மனைக்கு 30 லட்சத்தில் 9%, அதாவது 2.70 லட்சம் ஆனது. 'கட்டணம் பாதியானது' என்று மகிழ்ந்தவர்களில் பலர் உண்மையில் கூடுதலாகக் கட்டினார்கள். உண்மை விலையை முழுதாக எழுதிப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் அது குறைப்பு.

இப்படி வரி மாறும்போது அதன் சுமை யார் மீது இறங்குகிறது என்பது, மாற்றம் அறிவிக்கப்பட்ட நாளில் மனை யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. நிலத்தின் அளிப்பு நெகிழ்ச்சி குறைவு என்பதால் வரி ஏற்றத்தின் பெரும்பகுதி நில விலையில் கழிந்துவிடும். அதற்குப் பிறகு வாங்குபவர் குறைந்த விலைக்கு வாங்கி, கூடுதல் வரியைக் கட்டுகிறார். அவருக்குப் பெரிய இழப்பில்லை. இழந்தவர் அன்று மனையை வைத்திருந்தவர், அதாவது பத்திரச் செலவுக் கணக்கில் எங்குமே பெயர் வராதவர். ஆண்டுக் கணக்கில் 9% இருந்துவரும் ஒரு சந்தையில் நீங்கள் இன்று பார்க்கும் விலையில், அந்த வரியின் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்துதான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் நம்மிடமே உண்டு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு. இந்தச் சலுகை விற்பவருக்குப் போய்விடாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போகாது. வாங்குபவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே சலுகை கிடைப்பதால், பெண் ஒருவரிடம் கூடுதல் விலை கேட்டால் அவர் அடுத்த மனைக்குப் போய்விடலாம். விலையை நிர்ணயிப்பது சந்தை முழுவதும். ஒரு சிறு பிரிவினரின் கண்ணுக்கு அளிப்பு முழு நெகிழ்ச்சியோடு இருப்பது போலத்தான். எனவே சலுகை ஏறக்குறைய முழுவதும் அவர்களிடமே தங்கும். அதே 1% குறைப்பை எல்லோருக்கும் தந்தால், பெரும்பகுதி மனைக்காரரிடம் போய்ச் சேரும். அந்த மதிப்பு வரம்பில் எல்லோரும் பெண்கள் பெயரிலேயே வாங்கத் தொடங்கிவிட்டால் சலுகை பொதுச் சலுகையாகிவிடும், விலையும் மெல்ல ஏறும். அந்த எல்லையை மறக்கக் கூடாது.

கோட்பாடு சரி, உண்மையில் யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்பீர்கள். கனடாவின் டொராண்டோ நகரம் 2008இல், மாகாண வரிக்கு மேல், வீடு வாங்குவோர் மீது தனியாக ஒரு சொத்து மாற்ற வரியைக் கொண்டுவந்தது. வீட்டு விலையில் சராசரியாக 1.1% அளவுதான். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களில் அந்த வரி இல்லை, ஆகவே கோட்டின் இருபுறமும் நடந்ததை ஒப்பிட முடிந்தது. வரி ஏறக்குறைய முழுவதும் விலைக் குறைவாக வீட்டுக்காரர்கள் மீதே விழுந்ததாகவும், விற்பனை சுமார் 15% குறைந்ததாகவும் ஆய்வு காட்டியது. தெருவைத் தாண்டினால் வரியில்லாத வீடு கிடைக்கும்போது, வாங்குபவர் நகரக்கூடியவர், வீடு நகர முடியாதது. விடையும் அதற்கேற்பவே வந்தது.

பிரிட்டனில் வேறு விதமான முடிவு கிடைத்தது. 2008 செப்டம்பரிலிருந்து 2009 இறுதிவரை, 1,25,000 பவுண்டுக்கு மேல் 1,75,000 பவுண்டு வரையிலான வீடுகளுக்கு 1% முத்திரைத் தீர்வை தற்காலிகமாக நீக்கப்பட்டது. அங்கே பலனில் பாதிக்கும் மேல் வாங்குபவர்களிடமே தங்கியதாகக் கண்டார்கள். காரணத்தை என்னால் இப்படித்தான் விளக்க முடிகிறது: அது நிதி நெருக்கடிக் காலம். விற்க நின்றவர்கள் ஏராளம், வாங்க வந்தவர்கள் சிலரே. சலுகையைச் சொல்லி விலையை ஏற்றப் பார்த்தால் அந்த ஒருவரும் எழுந்து போய்விடுவார். நெகிழ்ச்சி என்பது ஒரு பொருளின் மேல் ஒட்டியிருக்கும் நிலையான எண்ணன்று. காலமும் சந்தையின் நிலையும் அதை மாற்றும். ஆகவே 'நிலம் என்றால் விற்பவர்தான்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது.

உங்கள் பேரத்துக்கு வருவோம். நெகிழ்ச்சி சந்தைக்குரியது, தனி ஒருவருக்குரியதன்று. மகள் கல்யாணத்துக்காக அவசரமாக விற்பவரும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த ஒரு மனைதான் வேண்டும் என்று நிற்பவரும் சந்தைப் பங்கீட்டுக்கு மேலும் கீழுமாக முடிப்பார்கள். அது பேரத் திறமையும் அவசரமும் சேர்ந்த தனிக் கணக்கு. கையில் ரொக்கம் குறைவாக இருப்பதும் பொதுவாக வாங்குபவரைக் கட்டிப்போடும், ஏனென்றால் வங்கிகள் பெரும்பாலும் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் கடன் தருவதில்லை. எல்லா வாங்குபவர்களுக்கும் அந்தத் தடை ஒன்றே என்பதால், அவர்கள் தரக்கூடிய விலை ஒட்டுமொத்தமாக இறங்கி, விற்பவரின் பங்கு மேலும் கூடுகிறது.

உங்கள் பகுதியில் இது எப்படிப் பிரிகிறது என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அங்கே மனைகள் எத்தனை மாதம் விலை போகாமல் நிற்கின்றன, சுற்றிலும் புதிய மனைப்பிரிவு போட இன்னும் வயல் மீதமிருக்கிறதா என்று இரண்டு மூன்று தரகர்களிடம் விசாரியுங்கள். வயல் மீதமிருந்து, மாதம் ஒரு புதிய பிரிவு முளைக்கும் ஊரானால், அங்கே மனையின் அளிப்பும் ஓரளவு நெகிழ்ச்சியானதுதான்; விற்பவர் விலையில் பெரிதாக இறங்க இடமிருக்காது, 9%இல் கணிசமான பகுதி உங்கள் கணக்கில்தான் நிற்கும். சுற்றிலும் கட்டி முடித்த பழைய நகராக இருந்து, ஒரே பலகை ஆறு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தால், கையிலுள்ள மொத்தத்திலிருந்து பத்திரச் செலவைக் கழித்து, மிஞ்சியதை விலையாகச் சொல்லுங்கள். "அது உங்க செலவு சார், அதை ஏன் என் விலையில கழிக்கிறீங்க?" என்று அவர் கேட்கத்தான் செய்வார். எங்கள் அப்பாவும் முதலில் அதையேதான் கேட்டார்.